ஆயிரம் டிகிரியில் அளந்த எண், ஐந்நூறு டிகிரியில் சொன்ன சேதி

1907 மே மாதம் ஹாம்பர்க் நகரில் ஜெர்மன் பன்சன் சங்கத்தின் கூட்டம் நடந்தது. அங்கே இரண்டு பெரிய வேதியியலாளர்கள் எல்லோர் முன்னிலையிலும் மோதிக்கொண்டார்கள். ஒருவர் பெர்லினின் வால்தர் நெர்ன்ஸ்ட், மற்றவர் கார்ல்ஸ்ரூவின் ஃபிரிட்ஸ் ஹேபர். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் 1000 டிகிரி செல்சியஸில், சாதாரண காற்றழுத்தத்தில் சேர்த்துவைத்தால் கடைசியில் எவ்வளவு அம்மோனியா மிஞ்சும் என்பதுதான் சண்டை. ஹேபரின் கணக்கில் 0.0048 சதவீதம். நெர்ன்ஸ்டின் கணக்கில் 0.0032 சதவீதம்.

லட்சம் மூலக்கூறுகளில் ஐந்தா, மூன்றா? கேட்பவருக்கு இது ஒரு சண்டையா என்றுதான் தோன்றும். அம்மோனியாவை 1000 டிகிரியில் தயாரிக்க அந்த அரங்கில் யாருக்கும் எண்ணமும் இல்லை. எல்லோருக்கும் வேண்டியிருந்தது அதற்கு வெகு கீழே, 500 டிகிரிப் பக்கம் என்ன நடக்கும் என்பது. ஆனால் அந்த வெப்பநிலையில் வினை ஆமை வேகத்தில் நகர்ந்தது. நல்ல வினையூக்கி கைக்கு வராத காலம். எங்கே வினை விரைந்து நடந்து ஓர் இடத்தில் நிற்கிறதோ அங்கே அளந்துகொண்டு, வேண்டிய இடத்துக்குக் கணக்கின் வழியே இறங்கி வர வேண்டும். அந்தப் படிக்கட்டைக் கட்டிக்கொடுத்தவர் நெதர்லாந்தின் வான்ட் ஹாஃப். 1884-இல் வெளிவந்த அவருடைய நூலில் இருக்கிறது அது. 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான் போயிற்று.

சமநிலை என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் சேர்ந்தால் இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் உருவாகும். உருவான அம்மோனியா சும்மா இருப்பதில்லை; மறுபடியும் உடைந்து நைட்ரஜனும் ஹைட்ரஜனுமாகிறது. கட்டுவதும் உடைப்பதும் ஒரே வேகத்துக்கு வரும்போது கலவையின் விகிதம் மாறாமல் நின்றுவிடும். அப்போது அம்மோனியாவின் பகுதி அழுத்தத்தை வர்க்கமாக்கி, அதை நைட்ரஜனின் அழுத்தத்தாலும் ஹைட்ரஜன் அழுத்தத்தின் முப்படியாலும் வகுத்தால் கிடைப்பது சமநிலை மாறிலி, K. எந்த அளவில் கலந்து தொடங்கினாலும் ஒரு வெப்பநிலையில் இந்த எண் ஒன்றுதான். வெப்பநிலையை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். மாறிலி என்று பெயர் வைத்துவிட்டு மாறுகிறது என்கிறோமே என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. வெப்பநிலை ஒன்றைத் தவிர வேறெதற்கும் அது அசைவதில்லை என்பதால்தான் அந்தப் பெயர்.

அம்மோனியா உருவாகும்போது வெப்பம் வெளியேறுகிறது. 25 டிகிரியில், மேலே சொன்ன சமன்பாட்டின்படி இரண்டு மோல் அம்மோனியாவுக்கு ஏறக்குறைய 92.2 கிலோஜூல். வெளியேறுவதால் எதிர்க்குறி போட்டு −92.2 என்று எழுதுகிறோம். இதுதான் அந்த வினையின் திட்ட என்தால்பி. வெப்பத்தை வெளிவிடும் வினையைச் சூடாக்கினால் அது பின்வாங்கும் என்பது பள்ளிப் பாடத்தில் லீ சாட்லியர் பெயரில் வருகிறது. எந்தப் பக்கம் சாயும் என்று மட்டும்தான் அந்த விதி சொல்லும். எவ்வளவு சாயும் என்று கேட்டால் வான்ட் ஹாஃப் சமன்பாட்டிடம்தான் போக வேண்டும்:

ln(K₂/K₁) = (ΔH°/R) × (1/T₁ − 1/T₂)

K₁, K₂ இரண்டும் T₁, T₂ என்ற இரு வெப்பநிலைகளில் உள்ள சமநிலை மாறிலிகள். R வாயு மாறிலி, 8.314. ln என்பது இயல் மடக்கை. வெப்பநிலையை கெல்வினில் போட வேண்டும், அதாவது செல்சியஸோடு 273.15-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சமன்பாட்டில் என்னை நீண்ட நாள் யோசிக்கவைத்த விஷயம் ஒன்று உண்டு. சமநிலை எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: வெப்பமும், எண்ட்ரோபி என்னும் சிதறலும். நான்கு மூலக்கூறுகள் இரண்டாகச் சுருங்கும்போது வாயுவின் சிதறல் குறைகிறது. அது வினைக்குப் பாதகம். வெளியேறும் வெப்பம் சுற்றுப்புறத்தின் சிதறலைக் கூட்டுகிறது, அது சாதகம். அப்படியிருக்க, வெப்பநிலையோடு K மாறுவதைக் கணக்கிட வெப்பம் மட்டும் போதும் என்கிறாரே வான்ட் ஹாஃப், எண்ட்ரோபி எங்கே போயிற்று?

ஒரு குடம் தண்ணீரை வறண்ட தொட்டியில் ஊற்றினால் தொட்டியின் நிலையே மாறிவிடும். அதே குடத்தை நிரம்பிய ஏரியில் ஊற்றினால் ஏரிக்குத் தெரியாது. குளிர்ந்த சுற்றுப்புறத்தில் கொட்டப்படும் வெப்பம் அங்கே பெரிய சிதறலை உண்டாக்கும். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் சூழலில் அதே வெப்பம் சிறிய சிதறலைத்தான் உண்டாக்கும். வெப்பத்தை கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் வருவது அதன் மதிப்பு. வாயுக்கள் சுருங்குவதால் வரும் இழப்போ, ஏறக்குறைய எந்த வெப்பநிலையிலும் அதேதான். இரண்டு வெப்பநிலைகளின் கணக்கை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது மாறாத இழப்பு அடிபட்டுப்போகிறது. மிஞ்சுவது வெப்பமும், 1/T-இன் வித்தியாசமும். சமன்பாட்டில் வெப்பநிலை தலைகீழாக நிற்பதற்குக் காரணமும் இதுவே.

இனி எண்களைப் போடலாம். 25 டிகிரியில் அம்மோனியா வினையின் K ஏறத்தாழ 5.8 லட்சம். ஒரு வளிமண்டல அழுத்தத்திலேயே கலவையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அம்மோனியாவாக இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள். 450 டிகிரிக்குப் போவோம். T₁ 298.15 கெல்வின், T₂ 723.15 கெல்வின். முதலாவதன் தலைகீழ் 0.003354, இரண்டாவதன் தலைகீழ் 0.001383. வித்தியாசம் 0.001971. என்தால்பியை ஜூலாக்கி, −92,200-ஐ 8.314-ஆல் வகுத்தால் −11,090. இரண்டையும் பெருக்க −21.86 வருகிறது. 5.8 லட்சத்தின் இயல் மடக்கை 13.27. அதோடு −21.86-ஐச் சேர்த்தால் −8.59. மடக்கையைத் திருப்பினால் K₂ சுமார் 0.00019.

லட்சங்களில் இருந்த எண் பத்தாயிரத்தில் இரண்டு பங்குக்கு விழுந்துவிட்டது. முந்நூறு கோடி மடங்கு சரிவு! 92 கிலோஜூல் என்ற அளவு அப்படியே மடக்கைக்குள் உட்காருவதால் வரும் விளைவு இது. கூட்டலாக உள்ளே நுழைந்தது, பெருக்கலாக வெளியே வருகிறது.

விடைத்தாள்களில் இந்தக் கணக்கைப் பார்க்கும்போது தவறுகள் எங்கே நேரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். கிலோஜூலை ஜூலாக்காமல் 8.314-ஆல் வகுத்தால் K கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். இவ்வளவு வெப்பத்தை வெளிவிடும் வினை நானூறு டிகிரி சூட்டுக்கும் அசையவில்லை என்றால் அலகைச் சந்தேகிக்க வேண்டும். கெல்வினுக்குப் பதில் செல்சியஸைப் போட்டால் எதிர்மாறாக, புள்ளிக்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்ட பூஜ்யங்கள் வந்து நிற்கும். குறியை மாற்றிப் போட்டவருக்கு, வெப்பம் வெளிவிடும் வினை சூட்டில் பெருகுவதாக விடை வரும். அதைப் பிடிக்க லீ சாட்லியர் போதும்.

இந்தத் தவறுகள் எதுவும் செய்யாமல் போட்ட நம் கணக்கும் சரியில்லை. 450 டிகிரியில் அளந்து அட்டவணைகளில் பதிவான K 0.000045. நமக்கு வந்ததோ 0.00019, நாலு மடங்கு அதிகம்.

காரணம், கணக்குக்குள் ஓர் அனுமானம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. 25 டிகிரியில் வெளிவரும் அதே வெப்பம்தான் 450 டிகிரியிலும் வெளிவரும் என்று எடுத்துக்கொண்டோம். அது உண்மையில்லை. ஒரு பொருளை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், அதாவது வெப்ப ஏற்புத்திறன், பொருளுக்குப் பொருள் வேறு. ஒரு மோல் நைட்ரஜனும் மூன்று மோல் ஹைட்ரஜனும் சேர்ந்து ஒரு டிகிரி ஏற சுமார் 116 ஜூல் கேட்கும். இரண்டு மோல் அம்மோனியா 70 ஜூலில் ஏறிவிடும். வினைக்கு முன்பிருந்த வாயுக்கள் சூடாகும்போது அதிக வெப்பத்தை உள்ளே சேர்த்துவைத்திருக்கின்றன. அவை அம்மோனியாவாக மாறும்போது அந்த உபரியும் வெளியே வர வேண்டும். ஆகவே வெப்பநிலை ஏற ஏற வினையின் என்தால்பி இன்னும் எதிர்க்குறிப் பக்கமாக நகர்கிறது.

எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை அதே சமன்பாட்டைத் திருப்பிப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். அதன் அழகே இதில்தான் இருக்கிறது என்பேன். அட்டவணையில் 400 டிகிரியில் K 0.000164, 500 டிகிரியில் 0.0000145. விகிதம் 11.3, அதன் இயல் மடக்கை 2.43. இந்த இரு வெப்பநிலைகளின் தலைகீழ்களுக்கிடையே வித்தியாசம் 0.000192. 2.43-ஐ 8.314-ஆல் பெருக்கி இதனால் வகுத்தால் 1,05,000 ஜூல். வெப்பமானி வைத்து வெப்பத்தை நேரடியாக அளக்காமல், வாயுக் கலவையின் அளவுகளை இரண்டு வெப்பநிலைகளில் பார்த்தே வினையின் வெப்பத்தைச் சொல்லிவிட்டோம். 450 டிகிரியைச் சுற்றி அது −105 கிலோஜூல். 25 டிகிரியிலிருந்த −92 எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாருங்கள்.

இப்போது இந்த −105-ஐ வைத்துக்கொண்டு 400-லிருந்து 450-க்கு இறங்கிப் பார்த்தால் K 0.0000448 என்று வருகிறது. அட்டவணை சொல்வது 0.0000451. ஐம்பது டிகிரித் தாவலில் பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நானூறு டிகிரித் தாவலில் நாலு மடங்கு. கிட்டத்தில் இருக்கும் இரண்டு வெப்பநிலைகளுக்கு இந்தச் சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். நெடுந்தூரம் போகும்போது வழியெங்கும் என்தால்பி எப்படி மாறுகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி, ஒரு வரைதாளில் 1/T-க்கு எதிரே ln K-ஐக் குறிப்பது. என்தால்பி மாறாவிட்டால் புள்ளிகள் நேர்க்கோட்டில் விழும். மாறினால் கோடு மெல்ல வளையும். கோட்டின் சாய்வு அந்தந்த இடத்து என்தால்பியைச் சொல்லும்.

ஹேபர், நெர்ன்ஸ்ட் தகராறுக்கு இப்போது திரும்பினால் அதன் கனம் புரியும்.

வியன்னாவைச் சேர்ந்த மார்குலீஸ் சகோதரர்கள் என்ற தொழிலதிபர்கள் 1904-இல் ஹேபரை அணுகி, தனிமங்களிலிருந்து நேரடியாக அம்மோனியா செய்ய முடியுமா என்று கேட்டார்கள். ஹேபரும் அவரது உதவியாளர் வான் ஊர்ட்டும் 1020 டிகிரியில் இரும்பை வினையூக்கியாக வைத்து அளந்தார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் சமநிலையை அணுகுவது அவர்களுடைய முறை: ஒருபுறம் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து, மறுபுறம் அம்மோனியாவை உடைத்து. இரண்டும் ஒரே எண்ணில் வந்து முடிந்தால்தான் அது சமநிலை. ஒரு பக்கத்து அளவை மட்டும் நம்பினால், வினை பாதிவழியில் நின்றுபோனதா, முடிவுக்கு வந்துவிட்டதா என்று பிரித்தறிய முடியாது. அவர்களுக்குக் கிடைத்த அளவுகள் 0.005-க்கும் 0.012-க்கும் இடையே சிதறின. ஹேபர் மேல் எண்ணையே உண்மைக்கு நெருக்கமானதாக எடுத்துக்கொண்டார். அங்கிருந்து கீழே கணக்கிட்டவர், சாதாரண அழுத்தத்தில் பயனுள்ள அளவு அம்மோனியா வேண்டுமானால் வெப்பநிலை 300 டிகிரியை அதிகம் தாண்டக் கூடாது என்று கண்டார். அந்தக் குளிர்ச்சியில் வேலை செய்யும் வினையூக்கி எதுவும் அப்போது இல்லை. விஷயத்தை அப்படியே விட்டுவிட்டார்.

நெர்ன்ஸ்ட் அப்போதுதான் தம் வெப்பத் தேற்றத்தை வெளியிட்டிருந்தார். வினையின் வெப்பத்தையும் வெப்ப ஏற்புத்திறன்களையும் வைத்தே, எங்கும் K-ஐ அளக்காமல், சமநிலையைக் கணக்கிட்டுவிட அது வழிசெய்தது. பல வாயு வினைகளுக்கு அது பொருந்தியது. அம்மோனியாவுக்கு ஹேபரின் எண்ணோடு ஒட்டவில்லை. நெர்ன்ஸ்ட் தம் மாணவர் யோஸ்ட்டை வைத்து உயர் அழுத்தத்தில் அளந்து பார்த்தார். அழுத்தத்தைக் கூட்டினால் அம்மோனியா அதிகம் கிடைக்கும், அளப்பதும் சுலபம். வந்த அளவு தம் தேற்றத்துக்கு நெருக்கமாக இருந்தது. ஹேபரும் ஜெர்சித் தீவைச் சேர்ந்த ராபர்ட் லெ ரோசிக்னோலும் மறுபடி அளந்ததில் 0.0048 வந்தது. 0.012 தவறு என்று ஆயிற்று. ஆனாலும் 0.0032 சரி என்று ஆகவில்லை.

இந்த வித்தியாசம் ஏன் பெரிது? அம்மோனியாவின் அளவு K-க்குள் வர்க்கமாக நுழைகிறது. சதவீதத்தில் ஒன்றரை மடங்கு வேறுபாடு K-இல் இரண்டேகால் மடங்காகிறது. அதோடு, வான்ட் ஹாஃப் படிக்கட்டில் இறங்கும்போது தொடக்கப் பிழை கரைந்துபோவதில்லை. அதே மடங்கோடு கீழே வந்து சேர்கிறது. இறங்கும் வழியில் என்தால்பியில் இருக்கும் பிழையும் கூடவே ஏறிக்கொள்ளும். 25-க்கும் 450-க்கும் இடையே என்தால்பியை 5 கிலோஜூல் தவறாக எடுத்தால் K மூன்று மடங்குக்கு மேல் தவறும். ஆகவே 1000 டிகிரியில் லட்சத்தில் ஐந்தா மூன்றா என்ற கேள்வி, கீழே 500 டிகிரியில், இருநூறு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு தொழிற்சாலை தேறுமா தேறாதா என்ற கேள்வியாக உருமாறுகிறது.

ஹேபரும் லெ ரோசிக்னோலும் அடுத்து 30 வளிமண்டல அழுத்தத்தில், 700 டிகிரியிலிருந்து பல வெப்பநிலைகளில் அளந்தார்கள். ஒற்றைப் புள்ளியை நம்புவதை விட்டுவிட்டு முழு வளைவையும் கையில் எடுத்துக்கொண்டதுதான் சரியான மருந்து. இன்றைய அட்டவணை எண்களிலிருந்து 1000 டிகிரிக்கு நான் கணக்கிட்டுப் பார்த்தேன்: 0.0044 சதவீதத்துக்கு அருகில் வருகிறது. ஹாம்பர்க்கில் உண்மைக்குப் பக்கத்தில் நின்றவர் ஹேபர். நெர்ன்ஸ்டின் தேற்றத்திலும் பிழையில்லை. அதற்குள் போடப்பட்ட வெப்ப அளவுகள்தான் அந்நாளில் செம்மையாக இல்லை. வினையின் வெப்பத்தையும் அம்மோனியாவின் வெப்ப ஏற்புத்திறனையும் துல்லியமாக அளக்கும் வேலையைப் பின்னாளில் ஹேபரின் ஆய்வகமே செய்தது.

நம்பகமான வளைவு கைக்கு வந்ததும் வழி தெளிந்தது. 450 டிகிரியில் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் கிடைக்கக்கூடியது 0.2 சதவீதம்தான். அழுத்தத்தை 200 மடங்காக்கினால் கலவையில் ஏறத்தாழ கால் பங்கு அம்மோனியாவாக இருக்க முடியும். இவ்வளவு அழுத்தத்தில் வாயுக்கள் நல்லியல்பு வாயு விதியைப் பிசகாமல் பின்பற்றுவதில்லை. ஆகவே அழுத்தங்களை வைத்துக் கணக்கிடும் K-வும் சற்று நகரும். தொழிற்சாலைக் கணக்குகளில் அதற்குத் தனித் திருத்தம் உண்டு. 1909 ஜூலையில் கார்ல்ஸ்ரூ ஆய்வகத்தில், ஆஸ்மியம் வினையூக்கியின் மேல், 500-க்கும் 600-க்கும் இடைப்பட்ட வெப்பநிலையில், 200 வளிமண்டல அழுத்தத்தை ஒட்டி, திரவ அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுந்தது. பிஏஎஸ்எஃப் நிறுவனத்திலிருந்து வந்த அல்வின் மிட்டாஷ் அதைப் பார்த்தார். அவர் பிறகு ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, அலுமினியம், பொட்டாசியம் சேர்மங்கள் கலந்த மலிவான இரும்பு வினையூக்கியைக் கண்டார். கார்ல் போஷ் உயர் அழுத்த உலைகளை வடிவமைத்தார். 1913-இல் ஓப்பாவ் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது.

மணலியிலும் தூத்துக்குடியிலும் உர ஆலைகள் இன்று இதே வினையைத்தான் நடத்துகின்றன. அங்குள்ள உலையை வடிவமைப்பவரின் மேசையில் வான்ட் ஹாஃப் ஒவ்வொரு நாளும் உட்கார்ந்திருக்கிறார். ஏனென்றால் இந்த வினை தன் பாதையைத் தானே அடைத்துக்கொள்ளும். உருவாகும் ஒவ்வொரு சதவீத அம்மோனியாவும் வாயுவை ஏறத்தாழ 15 டிகிரி சூடாக்குகிறது. 400 டிகிரியில் உள்ளே நுழையும் வாயுவுக்கு, 200 வளிமண்டல அழுத்தத்தில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அம்மோனியாவாக மாறும் உரிமை இருக்கிறது. ஆனால் ஆறேழு சதவீதம் மாறியதுமே வாயு 500 டிகிரிக்கு ஏறிவிடும். அங்கே K பதினோரு மடங்கு சரிந்திருக்கும். உரிமையும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும். அதற்கு மேல் சூடேறினால் இரும்பின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வினையூக்கியும் கெடும். அதனால் வினையூக்கியை ஒரே குவியலாகக் கொட்டுவதில்லை, இரண்டு மூன்று படுகைகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு படுகையில் சூடேறிய வாயு, வெப்பப் பரிமாற்றியின் வழியாகவோ குளிர்ந்த புது வாயுவோடு கலந்தோ வெப்பத்தை இறக்கிவைத்துவிட்டு, அடுத்த படுகைக்குள் மீண்டும் குளிர்ந்த முகத்தோடு நுழைகிறது. கடைசிப் படுகையைத் தாண்டியதும் அம்மோனியாவைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்தெடுத்துக்கொண்டு, மாறாத நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் மறுபடி முதல் படுகைக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.